உப்பங்குடியும் நெல்லங்குடியும்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கதை, படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்

கதைப்பெட்டி:
வணக்கம். பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரத்தின் முதல் பாடத்தைக் கதையாகச் சொல்ல ஆசை. பொருளும் ஆளும் நேரமும் அளவோடுதான் இருக்கும், அதனால் ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டியிருக்கும் என்பது பிள்ளைக்குப் புரிய வேண்டும். சுருக்கமாக இப்படி எழுதியிருக்கிறேன்:

"கடலோரத்தில் உப்பங்குடி. அங்கே எங்கு பார்த்தாலும் உப்பு, ஆனால் ஒரு நெல்மணி கிடையாது. உள்ளே தள்ளி நெல்லங்குடி. அங்கே குதிர் நிறைய நெல், ஆனால் ஒரு கல் உப்பு கிடையாது. உப்பங்குடி வள்ளி மீனையே தின்று சலித்துப் போனாள். நெல்லங்குடி முத்து உப்பில்லாத கஞ்சியைக் குடிக்க மாட்டேன் என்று அழுதான். ஒருநாள் வள்ளியின் அப்பா உப்பு மூட்டையோடு நெல்லங்குடிக்குப் போனார். முத்துவின் அம்மா நெல் அளந்து கொடுத்தாள். அன்று இரவு இரண்டு ஊரிலும் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்."

படங்களோடு பத்துப் பன்னிரண்டு பக்கம் வரும். சொல்ல நினைத்தது வந்திருக்கிறதா?

பழங்கதை:
அழகாக இருக்கிறது. ஆனால் கடைசியில் நீதி இல்லையே? உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று முத்துவின் அம்மா வாயாலேயே சொல்ல வைக்கலாம். பண்டமாற்று என்பதைவிடப் பகிர்வு என்று முடித்தால் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

கதைப்பெட்டி:
நன்றி ஐயா. பகிர்வுக் கதைகள் நிறையவே இருக்கின்றன, இது வேறு பாடம். இங்கே யாரும் தானம் செய்யவில்லை, இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டியதைப் பார்த்துத்தான் மாற்றிக்கொள்கிறார்கள்.

கரும்பலகை:
பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடை நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை. உப்பங்குடியில் உப்பைத் தவிர வேறு எதுவும் முடியாது, நெல்லங்குடியில் நெல்லைத் தவிர வேறு எதுவும் முடியாது. அப்புறம் அவர்கள் எதை விட்டு எதை எடுத்தார்கள்? மிச்சத்தைக் கொடுத்தார்கள், இல்லாததை வாங்கினார்கள், அவ்வளவுதான். பிள்ளை இதைப் படித்துவிட்டு "நம்மிடம் இல்லாததை வாங்க வேண்டும்" என்றுதான் புரிந்துகொள்ளும். நீங்கள் சொல்ல நினைத்தது அதுவல்ல.

இரண்டு ஊராலும் இரண்டையும் செய்ய முடிய வேண்டும், ஆனால் கை போதாமல் இருக்க வேண்டும். கதையின் முடிச்சை அங்கே போடுங்கள். உப்பங்குடியில் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கட்டும், அதில் சுமாராக நெல் விளையட்டும். நெல்லங்குடிக்குப் பக்கத்தில் உவர் பூத்த தரிசு இருக்கட்டும். உள்நாட்டில் கடல் இல்லாத இடங்களில் அந்த மண்ணைச் சுரண்டிக் கரைத்து, தெளிந்த நீரை வடித்துக் காய்ச்சி உப்பு எடுப்பது நம் பக்கத்தில் உண்மையிலேயே இருந்த தொழில், வெள்ளைக்காரன் காலத்து உப்புச் சட்டத்தில் அதையும் குற்றமாக்கி வைத்திருந்தார்கள். கடல் உப்போடு ஒப்பிட்டால் பாடு அதிகம், கிடைப்பது கொஞ்சம். கதைக்கு வேண்டியது சரியாக அதுதான்: முடியும், ஆனால் விலை அதிகம்.

சேகர்_மதுரை:
நான் வேறு மாதிரி நினைக்கிறேன். பற்றாக்குறை என்றால் மழை பொய்த்து விளைச்சல் குறைவதுதானே? கதையில் ஒரு வறட்சியைக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். இன்னொன்று, ஒரு மூட்டைக்கு ஒரு மூட்டை என்று மாற்றினால்தான் நியாயம், இல்லாவிட்டால் யாரோ யாரையோ ஏமாற்றுவதாக ஆகிவிடும்.

கரும்பலகை:
சேகர், வறட்சி வந்தால் நெருக்கடி கண்ணுக்குத் தெரியும், அது சரி. ஆனால் அது பஞ்சத்தின் கதை. பஞ்சம் வரும், போகும். நாம் பேசுவது நல்ல மழை பெய்த வருஷத்திலும் இருக்கும். இதற்கு நான் வகுப்பில் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். "இந்த வருஷம் அமோக விளைச்சல்" என்று கதையில் ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். அந்த வரியால் பாத்திரங்களின் திண்டாட்டம் காணாமல் போனால், கதை பஞ்சத்தைப் பற்றியது. அப்போதும் "இந்த ஆளை எங்கே அனுப்புவது?" என்ற கேள்வி மிஞ்சினால்தான் நாம் தேடும் கதை.

மூட்டைக்கு மூட்டை விஷயத்துக்குக் கணக்கோடு வருகிறேன். ஒவ்வொரு ஊரிலும் ஆறு குடும்பம். உப்பங்குடியில் ஒரு குடும்பம் ஒரு பருவம் முழுக்க உப்பளத்தில் இறங்கினால் 6 மூட்டை உப்பு, வயலில் இறங்கினால் 2 மூட்டை நெல். நெல்லங்குடியில் ஒரு குடும்பம் உவர்மண் காய்ச்சினால் 2 மூட்டை உப்பு, வயலில் இறங்கினால் 4 மூட்டை நெல்.

யாரும் யாரோடும் மாற்றிக்கொள்ளாமல், மூன்று குடும்பம் இங்கே, மூன்று குடும்பம் அங்கே என்று பிரிந்தால் உப்பங்குடிக்கு 18 உப்பு, 6 நெல். நெல்லங்குடிக்கு 6 உப்பு, 12 நெல். இப்போது வள்ளி கேட்க வேண்டிய கேள்வி இது: இன்னும் ஒரு மூட்டை நெல் வேண்டுமானால் நமக்கு எவ்வளவு உப்பு போகும்? ஒரு குடும்பத்தை உப்பளத்திலிருந்து வயலுக்கு மாற்றினால் 6 உப்பு போய் 2 நெல் வருகிறது. ஆக ஒரு நெல்லுக்கு மூன்று உப்பு. அதே கேள்வியை முத்துவின் ஊரில் கேட்டால், ஒரு நெல்லுக்கு அரை மூட்டை உப்புதான். உப்பங்குடியில் நெல் ரொம்ப விலை, நெல்லங்குடியில் மலிவு. இந்த வித்தியாசம் தெரிந்த பிறகுதான் வண்டி கட்ட யாருக்காவது தோன்றும்.

யாழினி_அம்மா:
சார், இதை இன்று மாலை என் பெண்ணோடு தரையில் உட்கார்ந்து செய்து பார்த்தோம். உப்புக்குக் கூழாங்கல், நெல்லுக்குப் புளியங்கொட்டை, குடும்பங்களுக்கு ஆறு பாட்டில் மூடி. மூடியை உப்பளத்திலிருந்து வயலுக்கு நகர்த்தும்போது ஆறு கல்லைக் கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கொட்டை மட்டும் வைக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அது பிடிக்கவே இல்லை, "அய்யோ இவ்வளவு போகுதா" என்றாள். கதையில் நான்கு பக்கம் சொல்வது அந்த ஓர் அசைவில் புரிந்துவிட்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இந்த விளையாட்டைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் அவள் ஒன்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு குடும்பமும் உப்புக்கே போய்விட்டால், நெல்லங்குடிக்காரர்கள் நெல் தர மாட்டோம் என்று சொன்னால் என்ன செய்வது?

கரும்பலகை:
அருமையான கேள்வி. முதலில் மாற்றினால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம், அப்புறம் அதற்கு வருவோம்.

எல்லாரும் அவரவருக்கு மலிவானதையே செய்தால் உப்பங்குடியில் 36 உப்பு, நெல்லங்குடியில் 24 நெல். முன்பு இரண்டு ஊரும் சேர்ந்து 24 உப்பு, 18 நெல்தான் இருந்தது. ஆள் கூடவில்லை, மழை கூடவில்லை, ஆனாலும் இரண்டும் கூடியிருக்கிறது. இப்போது 15 உப்புக்கு 10 நெல் என்று மாற்றினால் உப்பங்குடிக்கு 21 உப்பு, 10 நெல். நெல்லங்குடிக்கு 15 உப்பு, 14 நெல். இரண்டு ஊருக்குமே இரண்டு பொருளும் முன்பைவிட அதிகம்.

சேகர், உங்கள் மூட்டைக்கு மூட்டையும் நடக்கும். 12 உப்புக்கு 12 நெல் மாற்றினால் உப்பங்குடிக்கு 24 உப்பு, 12 நெல், நெல்லங்குடிக்கு 12 உப்பு, 12 நெல். யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் நெல்லங்குடிக்கு நெல் முன்பு இருந்த அதே 12தான், உப்பில் மட்டும்தான் லாபம். ஆக, சமமாகத் தெரியும் பேரத்தில் உப்பங்குடிக்குப் பெரிய பங்கு போகிறது. ஒரு மூட்டை நெல்லுக்கு அரை மூட்டை உப்புக்கு மேலே, மூன்று மூட்டைக்குக் கீழே எந்த விலையில் முடிந்தாலும் இரண்டு பேருக்கும் லாபம் உண்டு. அந்த இடைவெளிக்குள் எங்கே முடியும் என்பது பேரத்தைப் பொறுத்தது.

அங்கேதான் யாழினி அம்மாவின் பெண் கேட்டது வருகிறது. முழுக்க உப்புக்குப் போய்விட்ட ஊர் பேரத்தில் இளைத்துப் போகும். உப்பில்லாமல் சில நாள் தள்ளலாம், நெல்லில்லாமல் தள்ள முடியாது. அதனால் உப்பங்குடி ஒரு குடும்பத்தை வயலிலேயே விட்டு வைக்கலாம். அதற்கும் விலை உண்டு: 2 நெல்லுக்காக 6 உப்பு. அந்தப் பயத்துக்கு அவ்வளவு கொடுக்கலாமா என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும், நானே கதை எழுதினாலும் அதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

உப்பளத்தான்:
வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர், குடும்பமே உப்பளத்தில் வேலை பார்த்தது. கணக்கெல்லாம் சரியாக இருக்கும்போல, ஆனால் உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உப்பு எல்லா மாதமும் விளையாது. தை மாதக் கடைசியில் மழை ஈரம் வடிந்த பிறகு பாத்தியைக் கட்டி, மிதித்துத் தரையை இறுக்கி, உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிச் சுண்டவிட்டு எடுப்போம். வெயில் ஏற ஏறத்தான் உப்பு பூக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட வேண்டும். நடுவில் ஒரு பெரிய மழை பெய்தால் பாத்தியில் இருக்கிற உப்பெல்லாம் கரைந்து மறுபடி முதலிலிருந்து வரும். வாரிக் குவித்த உப்பைக் கூடக் கீற்றுப் போட்டு மூட வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் சொல்கிற "உப்பா நெல்லா" என்ற இழுபறி எல்லாக் காலத்திலும் வராது. குறுவை நடுவது ஆனி வாக்கில். அப்போது உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருக்கும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது, அங்கேதான் நிஜமாக இடிக்கும். சம்பா அறுவடை தை மாதம், அப்போது உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்காது, உப்புக்காரன் அறுப்புக்குப் போய்க் கூலியாக நெல் வாங்கி வரலாம், எதையும் விட வேண்டியதில்லை. அதனால் கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று எழுதுங்கள். ஆனி மாதம் என்றால் கதை நிற்கும். தை மாதம் என்றால் விவரம் தெரிந்தவன் சிரிப்பான்.

இன்னொன்று, வண்டியை யார் ஓட்டுவது? எங்கள் தாத்தா காலத்தில் உப்பு வண்டி அறுப்புக் களத்துக்கே போகும், காசு கிடையாது, களத்திலேயே நெல்லாக அளந்து போடுவார்கள் என்பார். மாடும் வண்டியும் ஆளும் அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கணக்கில் உப்பு தானாக நடந்து போகிறது.

கதைப்பெட்டி:
இந்தப் பதிவுக்கு மிக்க நன்றி. ஆனி மாதம் என்பது படத்துக்கும் நல்லது, ஒரு பக்கம் வெள்ளை வெயிலில் உப்பு, மறுபக்கம் நாற்றங்கால் பச்சை. வண்டி விஷயத்தைக் கரும்பலகை சார் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

கரும்பலகை:
நல்ல இடத்தில் பிடித்தார். ஒரு குடும்பம் வண்டிக்கே போய்விட்டது என்று வையுங்கள். உப்பங்குடியில் ஐந்து குடும்பம்தான் உப்பளத்தில், 30 உப்பு. அதில் 15 கொடுத்து 10 நெல் வாங்கினால் கையில் 15 உப்பு, 10 நெல். முன்பு தனியாக இருந்தபோது 18 உப்பு, 6 நெல். உப்பு மூன்று குறைந்தது, நெல் நான்கு கூடியது. அந்த நான்கு நெல்லைச் சொந்த வயலில் எடுக்க வேண்டுமானால் 12 உப்பு போயிருக்கும், இங்கே மூன்றுதான் போயிருக்கிறது. இன்னும் லாபம்தான், ஆனால் முன்னைப் போலக் கொழுத்த லாபமில்லை. ஊர் இரண்டு மடங்கு தூரமாக இருந்து வண்டிக்கு இரண்டு குடும்பம் தேவைப்பட்டால் 24 உப்புதான் விளையும், அதில் 15 கொடுத்தால் மிச்சம் 9 உப்பும் 10 நெல்லும். இது தேவைதானா என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை வரும். அந்தச் சண்டையையும் கதையில் வையுங்கள், பிள்ளைகளுக்குச் சண்டை பிடிக்கும்.

சேகர்_மதுரை:
சரி, புரிகிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். நெல்லங்குடிக்காரன் உப்பிலும் கெட்டிக்காரனாக இருந்தால்? நெல், உப்பு இரண்டிலுமே உப்பங்குடியை மிஞ்சினால் அவன் எதற்கு உப்பு வாங்கப் போகிறான்? அப்போது உப்பங்குடிக்கு வேலையே இல்லையே.

கரும்பலகை:
எல்லாரும் இங்கேதான் தடுக்குவார்கள். நெல்லங்குடிக் குடும்பம் ஒரு பருவத்தில் 8 உப்பு, அல்லது 8 நெல் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பங்குடிக்கு அதே 6 உப்பு, 2 நெல். இரண்டிலும் நெல்லங்குடிதான் மேல். ஆனால் நெல்லங்குடி ஒரு மூட்டை உப்பு எடுக்க ஒரு மூட்டை நெல்லை விட வேண்டும். உப்பங்குடி ஒரு மூட்டை உப்புக்கு விடுவது மூன்றில் ஒரு மூட்டை நெல்தான். அதனால் அரை மூட்டை நெல்லுக்கு ஒரு மூட்டை உப்பு என்று வாங்குவதுதான் நெல்லங்குடிக்கே லாபம். எவ்வளவு கெட்டிக்காரன் என்பது இங்கே கணக்கில்லை, எதை விடுகிறான் என்பதுதான் கணக்கு. 1817-இல் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ இதைத் துணி, ஒயின் வைத்துக் காட்டினார். அவர் கணக்கில் துணிக்கு இங்கிலாந்தில் 100 ஆள் வேண்டும், போர்ச்சுகலில் 90 போதும். ஒயினுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. போர்ச்சுகல் இரண்டிலும் மேல், இருந்தும் ஒயினை விற்றுத் துணி வாங்குவதே அதற்கு நல்லது.

இதை இந்தக் கதையில் திணிக்க வேண்டாம். பத்து வயதுக்கு ஒரு கதையில் ஒரு திருப்பம் போதும், இதை அடுத்த கதையாக எழுதலாம்.

நெய்தல்_நிலா:
இலக்கியம் படித்தவள், பொருளாதாரம் தெரியாது. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு நேர் உப்பு என்று தெருவில் கூவிப் போகிறாள், அம்மூவனார் பாடல். அதனால் சேகர் சொன்ன சமவிலைக்கு நல்ல பழக்கமான ஓசை இருக்கிறது. கதையில் வள்ளி அப்படியே கூவட்டும், முத்துவின் பாட்டி வாசலில் நின்று "ஒன்றுக்கு ஒன்றா? கட்டுப்படியாகாது" என்று பேரம் பேசட்டும். பேரம் தொடங்க ஒரு விலை வேண்டுமே.

உப்பளத்தான்:
அது நல்லா இருக்கும். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. 21 மூட்டை உப்பை ஆறு குடும்பம் என்ன செய்யும்? உப்பைக் குழம்பில் போடத்தானே முடியும், தின்று தீர்க்க முடியாது. மிஞ்சியது கருவாட்டுக்குப் போகும் என்று ஒரு வரி போடுங்கள். கருவாட்டுக்கு உப்பு நிறைய வேண்டும், அப்போது மூட்டைகள் செலவாகும். நெல்லங்குடியும் அதேதான், ஓர் அளவுக்கு மேல் உப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? முதல் வண்டியை ஓடி வந்து வாங்குவார்கள், மூன்றாவது வண்டிக்கு முகம் திருப்பிக்கொள்வார்கள். கண்ணால் பார்த்தது.

கரும்பலகை:
உண்மை. உப்புக்குப் பதில் கருவாட்டையே பொருளாக வைத்தால் இந்தச் சிக்கல் குறையும். ஆனால் உப்பு போனால் உவர்மண் காய்ச்சுவது போய்விடும், அதை விட எனக்கு மனமில்லை. கதைப்பெட்டி முடிவு செய்யட்டும்.

கதைப்பெட்டி:
உப்பையே வைத்துக்கொள்கிறேன், கருவாடு ஒரு வரியில் வரும். நடுப்பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஆனி மாதம். உப்பளத்தில் உப்பு பூத்துக் கிடந்தது. அதே நாளில் மேட்டு நிலத்தில் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். ஆறு வீடுதான் ஊர்.

'இன்னும் ஒரு வீடு வயலுக்கு வரட்டும், நெல் போதாது' என்றாள் அம்மா.

'வந்தால் ஆறு மூட்டை உப்பு அப்படியே கிடக்கும், மழை வந்தால் கரைந்துவிடும்' என்றார் அப்பா. 'அங்கே கிடைக்கப் போவது இரண்டு மூட்டை நெல்.'

வள்ளி ஆறு கல்லை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். இரண்டு புளியங்கொட்டையை மறுபக்கம் வைத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

'அப்பா, நெல்லங்குடியில் உப்பை எப்படி எடுக்கிறார்கள்?'

'மண்ணைக் கரைத்துக் காய்ச்சுகிறார்கள். ஒரு வீடு முழுக்கப் பாடுபட்டால் இரண்டு மூட்டை.'

'அந்த வீடு வயலுக்குப் போனால்?'

'நாலு மூட்டை நெல்.'

வள்ளி கல்லையும் கொட்டையையும் மறுபடி எண்ணினாள். அப்புறம் எழுந்து, 'நம்ம வண்டி மாட்டுக்கு லாடம் அடித்தாயிற்றா?' என்று கேட்டாள்."

யாழினி_அம்மா:
என் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். வள்ளி என்ன எண்ணினாள் என்று கேட்காமலேயே மூடிகளை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் லாடம் என்றால் என்ன என்று கேட்டாள், அந்தப் பக்கத்தில் மாட்டின் குளம்பைப் பெரிதாக வரைந்துவிடுங்கள்.

பழங்கதை:
வயலிலேயே ஒரு வீட்டை விட்டு வைப்பதா வேண்டாமா என்பதற்குக் கதையில் என்ன முடிவு?

கதைப்பெட்டி:
வள்ளியின் பாட்டி விடச் சொல்கிறாள், அப்பா வேண்டாம் என்கிறார். இரண்டு பேர் சொல்லும் கணக்கும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். முடிவை நான் எழுதப் போவதில்லை.

உப்பளத்தான்:
எங்கள் வீட்டில் பாட்டி சொன்னதுதான் நடந்தது. மேட்டில் ஒரு துண்டு நிலத்தைக் கடைசி வரை விடவே இல்லை.